கிரய ஒப்பந்த வரைவு: முன்பணம், கெடு, அபராதப் பாராக்கள். வாங்குபவராகக் கையெழுத்துப் போடலாமா?

காவிரிக்கரை:
திருச்சிப் பக்கம் ஒரு தனி வீடு, விலை 48 லட்சம். விற்பவர் தரப்பு பத்திர எழுத்தர் எழுதிய வரைவு கைக்கு வந்திருக்கிறது. வரும் ஞாயிறு கையெழுத்து என்கிறார்கள். கீழ்த்தளத்தில் ஒரு குடும்பம் மாதம் 15,000 வாடகைக்கு இருக்கிறது. வில்லங்கச் சான்றில், மூலப்பத்திரங்களை ஒரு வங்கியில் ஒப்படைத்துக் கடன் வாங்கியதற்கான எம்.ஓ.டி. பதிவு காட்டுகிறது, பாக்கி ஏழரை லட்சமாம். நான் வீட்டுக்கடன் போட்டுத்தான் வாங்க வேண்டும். சந்தேகமான வரிகளை அப்படியே தருகிறேன்:

"...1 லக்கமிட்டவர் 2 லக்கமிட்டவரிடமிருந்து அச்சாரமாக ரூ.10,00,000/- ரொக்கமாகப் பெற்றுக்கொண்டுள்ளார்..."

"...மீதி ரூ.38,00,000/-ஐ இன்றிலிருந்து 90 தினங்களுக்குள் செலுத்தி 2 லக்கமிட்டவர் கிரயம் செய்துகொள்ள வேண்டியது. காலமே இவ்வொப்பந்தத்தின் சாராம்சம்..."

"...2 லக்கமிட்டவர் தவறினால் அச்சாரத் தொகை முழுவதையும் இழந்துவிட வேண்டியது. 1 லக்கமிட்டவர் தவறினால் மேற்படி தொகையைப் போல் இரு மடங்கு கொடுத்து இவ்வொப்பந்தத்தை ரத்து செய்துகொள்ளலாம்..."

"...கிரயம் ஆன 60 தினங்களுக்குள் சுவாதீனம் ஒப்படைக்கப்படும்."

2 லக்கமிட்டவர் நான்தான். எதை மாற்றச் சொல்வது?

நிலத்தரகு:
நல்ல அக்ரிமென்ட்தானே சார். ஓனர் ஏமாற்றினால் 20 லட்சம் திரும்ப வரும். இப்படி டபுள் அட்வான்ஸ் எழுதித் தர யாரும் சுலபத்தில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். 90 நாள் என்பது சும்மா, எல்லாரும் ஒரு மாதம் நீட்டித் தருவார்கள். ஞாயிற்றுக்கிழமை நல்ல நாள், விட்டுவிடாதீர்கள்.

பத்திரவாசல்:
தரகு ஐயா சொல்வதில் பாதி சரி. இரு மடங்கு என்று எழுத விற்பவர்கள் தயங்குவார்கள் என்பது உண்மை. ஆனால் எழுதியிருக்கும் விதத்தைப் பாருங்கள்: "கொடுத்து இவ்வொப்பந்தத்தை ரத்து செய்துகொள்ளலாம்." அதாவது விற்பவருக்கு ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. நாளைக்கே இதே வீட்டை 60 லட்சத்துக்குக் கேட்டு ஒருவர் வந்தால், உங்கள் 10 லட்சத்தோடு இன்னொரு 10 சேர்த்து நீட்டிவிட்டு, மிச்சம் 2 லட்சம் லாபத்தோடு அவர் விலகிக்கொள்ளலாம்.

குறித்தபடி கிரயம் செய்து தரும்படி நீதிமன்றத்தில் கேட்பது உங்களுக்குள்ள பெரிய உரிமை. குறித்த பரிகாரச் சட்டம் 23-ஆவது பிரிவு இதில் நுணுக்கமான கோடு போடுகிறது. ஒப்பந்தத்தில் அபராதத் தொகை இருப்பதாலேயே அந்த உரிமை போய்விடாது. ஆனால் கிரயத்துக்குப் பதிலாகப் பணம் கொடுத்து விலகலாம் என்ற விருப்பத்தைத் தருவதற்காகத்தான் அந்தத் தொகை எழுதப்பட்டது என்று நீதிமன்றம் கருதினால், கிரயம் கிடைக்காது, பணம் மட்டும்தான். உங்கள் வரைவில் இருக்கும் "ரத்து செய்துகொள்ளலாம்" அந்தப் பக்கம்தான் இழுக்கிறது.

அந்த வாக்கியத்தை எடுத்துவிட்டு இப்படி எழுதச் சொல்லுங்கள்: "1 லக்கமிட்டவர் தவறினால் 2 லக்கமிட்டவர் மீதித் தொகையை நீதிமன்றத்தில் செலுத்தி, நீதிமன்றம் மூலம் கிரயம் பெற்றுக்கொள்ள வேண்டியது. அவ்வாறன்றி 2 லக்கமிட்டவர் விரும்பினால் மட்டும், முன்பணத்தையும் அதற்குச் சமமான தொகையையும் பெற்றுக்கொண்டு ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம்." எதை எடுப்பது என்ற முடிவு உங்கள் கையில் இருக்க வேண்டும்.

நிலத்தரகு:
அந்த "2 லக்கமிட்டவர் விரும்பினால் மட்டும்" என்பதை நான் யோசித்ததில்லை. சரிதான். ஆனால் அச்சாரம் போய்விடும் என்பதை எந்த ஓனரும் எடுக்க மாட்டார் சார்.

பத்திரவாசல்:
எடுக்க வேண்டாம், சுருக்கினால் போதும். "அச்சாரம்" என்ற சொல்லைத்தான் கவனிக்க வேண்டும். வாக்கைக் காப்பாற்றுவதற்கு ஈடாகக் கொடுப்பது அச்சாரம், வாங்குபவர் தவறினால் அது போகும். விலையின் ஒரு பகுதியாக முன்கூட்டிக் கொடுப்பது முன்பணம், விற்பவர் அதை எடுத்துக்கொள்ள வேண்டுமானால் தனக்கு நஷ்டம் என்று காட்ட வேண்டிவரும். 1963-இல் உச்சநீதிமன்றம் முடிவு செய்த டெல்லி வழக்கில் விலை 1,12,500 ரூபாய். 1,000 அச்சாரம், சுவாதீனத்தின்போது 24,000 தனியாகக் கொடுத்திருந்தார்கள். ஆயிரத்தை விற்பவர் வைத்துக்கொண்டார். 24,000-ஐ அப்படியே விழுங்க விடவில்லை, ஒப்பந்தச் சட்டம் 74-ஆம் பிரிவுப்படி நியாயமான இழப்பீடு மட்டும்தான் என்றார்கள்.

இதை நம்பி, "எதை எழுதினாலும் கோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம்" என்று இருந்துவிடாதீர்கள். 2025 மே மாதம் முடிந்த பெங்களூரு சொத்து வழக்கில் விலை 55.5 லட்சம், கொடுத்தது 20 லட்சம், கெடு நாலு மாதம். பத்திரத்தில் முன்பணம் என்றே எழுதியிருந்தும், தவறினால் இழக்க வேண்டும் என்ற பாரா தெளிவாக இருந்ததால் 20 லட்சமும் போனது. அந்த வாங்குபவர் கிரயம் வேண்டும் என்று மட்டும் வழக்குப் போட்டாரே தவிர, அது கிடைக்காவிட்டால் முன்பணமாவது திரும்ப வேண்டும் என்று மனுவில் கேட்கவே இல்லை. குறித்த பரிகாரச் சட்டம் 22-ஆவது பிரிவுப்படி அதைக் கேட்டால்தான் நீதிமன்றம் தர முடியும்.

ஆகவே தொகையைப் பிரியுங்கள்: அச்சாரம் ஒரு லட்சம், மற்றதெல்லாம் "கிரயத் தொகையில் ஒரு பகுதி". நீங்கள் தவறினால் ஒரு லட்சம் போகும், மீதி 30 நாளில் திரும்ப வரும் என்று எழுதுங்கள். விற்பவர் இரண்டு லட்சம் கேட்டால் ஒத்துக்கொள்ளலாம். பத்துக்கும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

மேற்குமாம்பலம்:
சுவாதீனம் தாமதமானால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமான ரேராவில் புகார் கொடுங்கள். வட்டியோடு வாங்கித் தருவார்கள். எங்கள் அடுக்குமாடிக்கு எஸ்.பி.ஐ. வட்டி விகிதத்தோடு 2 சதவீதம் சேர்த்து உத்தரவு வந்தது. 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கவே கூடாது, சட்டம் இருக்கிறது.

பத்திரவாசல்:
நீங்கள் சொல்வது கட்டுமான நிறுவனத்திடம் வாங்கும் பதிவு பெற்ற திட்டங்களுக்கு. அதிலும் 10 சதவீதம் என்பது, ஒப்பந்தம் பதிவாகும் முன் அதற்கு மேல் வாங்கக் கூடாது என்பதுதான். கேட்டவர் ஒரு தனி ஆளின் பழைய வீட்டை வாங்குகிறார். ரேரா அங்கே வராது, பத்திரத்தில் இருப்பதுதான் அவருக்குத் துணை.

கடன்பிரிவு:
வங்கிப் பக்கத்தைச் சொல்கிறேன். 30 முதல் 75 லட்சம் வரையான கடனில் சொத்து மதிப்பில் 80 சதவீதம் வரைதான் தர முடியும். மதிப்பு என்றால் நீங்கள் பேசிய 48 இல்லை. வங்கியின் மதிப்பீட்டாளர் பார்த்துச் சொல்வதும் ஒப்பந்த விலையும், எது குறைவோ அது. மதிப்பீடு 44 லட்சம் வந்தால் கடன் 35.2 லட்சம். நீங்கள் 38-ஐ மனத்தில் வைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டால் 2.8 லட்சம் துண்டு விழும். பத்திரச் செலவு தனி, வங்கி அதற்குத் தராது. இந்தத் துண்டால் 90 நாளைத் தாண்டினால் பறிபோவது உங்கள் 10 லட்சம்.

ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: வங்கியின் சட்ட ஆய்விலோ மதிப்பீட்டிலோ சொத்தில் குறை சொல்லிக் கடன் மறுக்கப்பட்டால், அந்தக் கடிதத்தைக் காட்டி முழு முன்பணத்தையும் திரும்பப் பெறலாம் என்று. "உங்கள் சம்பளம் போதவில்லை என்று மறுத்தால் அதற்கு நான் பொறுப்பில்லை" என்று விற்பவர் சொன்னால் அது நியாயம். சொத்தின் குறைக்கு மட்டும் கேளுங்கள்.

காவிரிக்கரை:
அந்த ஏழரை லட்சக் கடனை என் முன்பணத்தை வைத்துக் கட்டி மூலப்பத்திரத்தை மீட்பதாக விற்பவர் சொல்கிறார். அதனால்தான் 10 லட்சம் வேண்டுமாம். ரொக்கமாகக் கேட்கிறார்.

கடன்பிரிவு:
கட்டுவார் என்று நம்பிக் கையில் கொடுக்காதீர்கள், நீங்களே கட்டுங்கள். முதலில் அவர் வங்கியிலிருந்து கடனை முடிப்பதற்கான தொகைக் கடிதம் வாங்கி வரட்டும். அதில் இத்தனாம் தேதி வரை இவ்வளவு, அதன்பின் நாளொன்றுக்கு இவ்வளவு வட்டி என்று இருக்கும். அந்தத் தொகைக்கு அவருடைய கடன் கணக்கு எண்ணைக் குறிப்பிட்டு வங்கி பெயரிலேயே டி.டி. எடுங்கள். கையெழுத்து நாளில் விற்பவருக்கு 2 லட்சம் வங்கிக் கணக்கு வழியாக, பிறகு டி.டி.யாக 7.5 லட்சம். மொத்தம் 9.5, மீதி 38.5 கிரய நாளில்.

கடன் முடிந்ததும் மூலப்பத்திரங்கள் விற்பவர் கைக்கு வரும். கவனிக்க வேண்டிய இடம் அதுதான். உங்கள் பணத்தில் மீட்ட பத்திரத்தை அவர் வேறோரிடத்தில் அடகு வைத்தால் என்ன செய்வீர்கள்? பத்திரங்களை இருவரும் ஒப்புக்கொண்ட வழக்கறிஞரிடம் கிரயம் வரை ஒப்படைக்க வேண்டும், எம்.ஓ.டி. ரத்து ரசீதை விற்பவர் தன் செலவில் பதிய வேண்டும் என்று எழுதுங்கள். அந்த ரசீது பதிவானபின் புதிதாக ஒரு வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள்.

பத்திரவாசல்:
ரொக்கம் பற்றி ஒன்று. சொத்துக்கான முன்பணத்தை 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. வாங்கியவருக்கு அதே அளவு தொகை அபராதமாக வரலாம், ஆகவே அது விற்பவருக்கே ஆபத்து. அதை அவரிடம் பக்குவமாகச் சொன்னால் பெரும்பாலும் இறங்கி வருவார். உங்களுக்கு இதில் ஆதார லாபமும் இருக்கிறது. பரிவர்த்தனை எண்ணோடு பத்திரத்தில் ஏறிய பணத்தை யாரும் "வாங்கவில்லை" என்று சொல்ல முடியாது.

அடுத்து கெடு. உங்கள் 90 நாள் "இன்றிலிருந்து" ஓடத் தொடங்குகிறது. அதற்குள் நடக்க வேண்டியவை யார் கையில் இருக்கின்றன? கடனை முடிப்பது, ரசீது பதிவது, குடியிருப்பவரைக் காலி செய்ய வைப்பது எல்லாம் விற்பவர் வேலை. அவர் 80 நாள் இழுத்துவிட்டுக் கடைசிப் பத்து நாளில் "பணம் எங்கே" என்று கேட்டால், அதுவரை உங்கள் வங்கி மூலப்பத்திரத்தைக்கூடப் பார்த்திருக்காது. ஆகவே வரிசையை எழுதுங்கள்: இவை மூன்றையும் முடித்து விற்பவர் எழுத்தில் தெரிவித்த நாளிலிருந்து 45 நாளில் கிரயம். அதோடு ஓர் எல்லைத் தேதியும் வேண்டும், இல்லாவிட்டால் அவர் வருடக்கணக்கில் தெரிவிக்காமலேயே இருக்கலாம். ஆறு மாதத்துக்குள் தன் வேலையை முடிக்காவிட்டால், நீங்கள் விரும்பினால் நீட்டிக்கலாம் அல்லது கொடுத்ததை வட்டியோடு திரும்பப் பெறலாம்.

நிலத்தரகு:
இவ்வளவு எழுதினால் டீல் உடைந்துவிடும் சார். பழக்கத்தில் எல்லாரும் வாயால் நீட்டித்துக்கொள்கிறார்கள்.

பத்திரவாசல்:
வாயால் நீட்டித்ததை நம்பிய வாங்குபவர்தான் நீதிமன்றத்தில் திண்டாடுகிறார். நிலம், வீடு விஷயத்தில் கெடு பொதுவாக உயிர்நாடி ஆகாது என்று பழைய தீர்ப்புகள் உண்டு, அதை வைத்துத்தான் எல்லாரும் அசட்டையாக இருக்கிறார்கள். ஆனால் 1997-இல் உச்சநீதிமன்றம் முடித்த மதுரை வீட்டு வழக்கைப் பாருங்கள். 1978 டிசம்பரில் ஒப்பந்தம், விலை 60,000, முன்பணம் 5,000, கெடு ஆறு மாதம். வாங்குபவர் இரண்டரை வருடம் சும்மா இருந்துவிட்டு 1981-இல் நோட்டீஸ் விட்டார். அதற்குள் விலை மூன்று மடங்கு ஏறியிருந்தது. கிரயம் கிடைக்கவில்லை.

நீட்டிப்பு இருந்தால் ஒப்பந்தத்தின் பின்பக்கத்திலேயே "இன்ன தேதி வரை கெடு நீட்டிக்கப்பட்டது" என்று எழுதி, முன்பு கையெழுத்திட்ட அத்தனை பேரும் கையெழுத்திட வேண்டும். ஒப்பந்தம் பதிவானதாக இருந்தால் நீட்டிப்பையும் பதிந்துகொள்ளுங்கள். கூட்டு உரிமையில் அண்ணன் மட்டும் போட்டால் தம்பியைக் கட்டுப்படுத்தாது. வழக்குப் போட மூன்று வருடம் என்பது குறித்த கெடு தேதியிலிருந்து ஓடும், அதையும் மறக்க வேண்டாம்.

நீங்கள் தயாராக இருந்ததற்கும் சான்று வேண்டும். கெடுவுக்குப் பதினைந்து நாள் முன்பே, "பணம் தயார், இன்ன நாள் இன்ன சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வருக" என்று ஒப்புதலோடு கூடிய தபால் அனுப்புங்கள். கடன் அனுமதிக் கடிதமும், கையிலிருந்து போட வேண்டிய தொகை கணக்கில் இருந்ததற்கான அறிக்கையும் பத்திரமாக இருக்கட்டும்.

சோழவந்தான்:
அவ்வளவு சிரமம் எதற்கு? முன்பணம் கொடுத்ததும் சாவியை வாங்கி மாடியில் குடியேறிவிடுங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம், ஒரு பிரச்சினையும் வரவில்லை. அனுபோகம் கையில் இருந்தால் யாராலும் அசைக்க முடியாது.

பத்திரவாசல்:
உங்களுக்கு நல்லபடி முடிந்ததில் சந்தோஷம். ஆனால் ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு குடியேறியவருக்குச் சொத்துரிமை மாற்றுச் சட்டம் 53-ஏ தரும் பாதுகாப்பு, 2001-க்குப் பிறகு பதிவான ஒப்பந்தத்துக்கு மட்டும்தான். பதியாத தாளோடு குடியேறினால் அந்தக் கேடயம் இல்லை. இங்கே கேட்டவருக்குப் பிரச்சினை நேர்மாறானது, கிரயத்துக்குப் பிறகும் வீடு வராது என்று எழுதியிருக்கிறார்கள்.

அந்த 60 நாளுக்குக் கணக்குப் போடுங்கள். 35.2 லட்சத்துக்கு 8.5 சதவீதம் என்றால் மாத வட்டி மட்டும் சுமார் 24,900. கீழ்த்தள வாடகை 15,000. சேர்த்தால் மாதம் 39,900, நாளொன்றுக்கு 1,330. கிரயத்தன்றே காலியான சுவாதீனமும் சாவியும் என்று எழுதுவதுதான் முறை. முடியாது என்றால் உங்கள் சொந்தப் பணத்திலிருந்து தர வேண்டியதில் 2 லட்சத்தை நிறுத்தி வையுங்கள், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 1,330 கழியும் என்று எழுதி, எப்படி வந்த கணக்கு என்பதையும் அங்கேயே சொல்லுங்கள். மிரட்டலுக்காக 10,000 என்று போட்டால் ஒப்பந்தச் சட்டம் 74-ஆம் பிரிவில் குறைத்துவிடுவார்கள். கணக்கு தெரிந்த தொகைக்கு மதிப்பு அதிகம்.

கடன்பிரிவு:
ஒரு எச்சரிக்கை. கிரயப் பத்திரத்தில் முழுத்தொகையும் பெற்றுக்கொண்டதாக எழுதினால்தான் வங்கி பணத்தை விடும். நிறுத்தி வைத்த 2 லட்சத்துக்குத் தனி ஒப்புகை கடிதம் அன்றே இருவரும் கையெழுத்திட்டால்தான் பின்னால் கேட்க முடியும். எங்கள் கிளையில் இதற்கே முகம் சுளிப்பார்கள். ஆகவே நான் என்றால் காலி செய்தபின்தான் கிரயம் என்பேன்.

காவிரிக்கரை:
விற்பவரோடு பேசினேன். அச்சாரம் 1 லட்சம், முன்பணப் பகுதி 1 லட்சம், வங்கிக்கு டி.டி., 45 நாள் வரிசை, விருப்பம் என் கையில், காலி செய்தபின் கிரயம் எல்லாவற்றுக்கும் ஒத்துக்கொண்டார். ஆறு மாத எல்லைக்குத் தயங்கினார், ஏழு என்று முடிந்தது. ஒப்பந்தத்தைப் பதிய மட்டும் மாட்டேன் என்கிறார். "நாளை நீ வராவிட்டால் ரத்துக்கு உன் கையெழுத்தைத் தேடி அலைய வேண்டும்" என்கிறார். விடலாமா?

பத்திரவாசல்:
விட வேண்டாம். 2012-க்குப் பிறகு தமிழ்நாட்டில் இந்த ஒப்பந்தமே பதிய வேண்டிய ஆவணம். பதிந்தால் வில்லங்கச் சான்றில் ஏறும். பிறகு வாங்குகிற எவரும் "எனக்குத் தெரியாது" என்று சொல்ல முடியாது. பதியாவிட்டால், உங்களைப் பற்றித் தெரியாமல் விலை கொடுத்து வாங்கியவரிடமிருந்து வீட்டை மீட்பது பெரும்பாடு. அவருடைய பயத்துக்கும் வழி உண்டு: கெடு முடிந்து நோட்டீஸ் வந்து 15 நாளில், திரும்ப வேண்டிய பணத்தைப் பெற்றுக்கொண்டு ரத்துப் பத்திரத்தில் கையெழுத்திட நீங்கள் ஒப்புக்கொள்வதாக எழுதுங்கள்.

சட்டப்பை:
வழக்கறிஞராக ஒரு சிறு மாற்றுக் கருத்து. பதியாத ஒப்பந்தத்தையும் குறித்தபடி கிரயம் கேட்கும் வழக்கில் சான்றாக ஏற்கலாம் என்று 2023-இல் தமிழ்நாட்டு வழக்கிலேயே உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே பதியாவிட்டால் எல்லாம் போயிற்று என்று இல்லை. பத்திரவாசல் சொன்ன மூன்றாம் ஆள் ஆபத்து உண்மைதான். ஆனால் கையெழுத்து நாளில் போவது வெறும் 2 லட்சம் என்றால், பதியாமலும் நான் போக விடுவேன். டி.டி. கொடுப்பதற்கு முன் பதிய வேண்டும் என்று மட்டும் வைத்துக்கொள்ளலாம். கையெழுத்திட்ட நாளிலிருந்து நாலு மாதம் வரை பதிவுக்குக் கொடுக்க நேரம் இருக்கிறது.

பத்திரவாசல்:
அந்த நாலு மாதத்தில் விற்பவர் அலுவலகத்துக்கு வந்து ஒப்புக்கொள்ளாவிட்டால்? கட்டாயப் பதிவு கேட்டு இன்னொரு அலைச்சல். நான் ஒத்துக்கொள்ளவில்லை.

சட்டப்பை:
வராவிட்டால் டி.டி. போகாது, அவர் கடனும் முடியாது. அவருக்கும் அவசரம் இருக்கிறதே.

காவிரிக்கரை:
இரண்டையும் அவரிடம் வைக்கிறேன். ஞாயிறு கையெழுத்தை நிறுத்தச் சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை அவர் வங்கியில் தொகைக் கடிதம் வாங்கி வரட்டும், அதைப் பார்த்தபின் நாள் குறிக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.